சூ வீட் கோழி நெஞ்சுக்கறி: வெளியே மாவு மாதிரி, நடுவில் வழவழப்பு. எங்கே தப்பு?

காட்பாடி_மணி

வணக்கம். போன மாசம் சூ வீட் குச்சி ஒன்று வாங்கினேன், தண்ணிப் பாத்திரத்தில் மாட்டினால் தண்ணியை நாம் வைத்த சூட்டிலேயே நிறுத்தி வைக்கிற வகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் கண்ணெதிரே உரித்து வெட்டிய பிராய்லர் நெஞ்சுக்கறி, எலும்பு இல்லாமல் இரண்டு துண்டு வாங்கி வந்தேன். உப்பு, மிளகாய்த்தூள், வீட்டில் அரைத்த இஞ்சி பூண்டு விழுது தடவி, ஜிப் கவரில் போட்டு, 60 டிகிரி தண்ணியில் ஒரு மணி நேரம் வைத்தேன். வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள்.

எடுத்துத் தோசைக்கல்லில் போட்டால் நிறமே வரவில்லை, தண்ணி விட்டுக்கொண்டே இருந்தது. வெட்டிப் பார்த்தால் வெளிப்பக்கம் விரலால் தொட்டாலே மாவு மாதிரி வருகிறது. நடுவில் வழவழப்பு. இரண்டுக்கும் இடையில் உள்ள கறி நார் நாராக விறைப்பு. மனைவி சாப்பிட மறுத்துவிட்டாள். நானும் பயந்து மறுபடி வேகவைத்துத்தான் சாப்பிட்டேன்.

60 டிகிரி போதாதா? இல்லை ஒரு மணி நேரம் போதாதா?

சத்துவாச்சாரி_ராஜு

தம்பி, கோழிக்கு 74 டிகிரி. அதுக்குக் கீழே சால்மோனெல்லா சாகாது. அமெரிக்க அரசு சொல்லுவதே 165 ஃபாரன்ஹீட், அதுதான் 74. 60 என்பது அதைவிட ரொம்பக் குறைவு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம்.

ராணிப்பேட்டை_கிச்சன்

ராஜு சார் சொல்லும் 74 சரியான எண்தான். ஆனால் அது "அந்தச் சூட்டைத் தொட்ட உடனே கிருமி செத்துவிடும்" என்பதற்கான எண். அதுக்குக் கீழே சாகாது என்று அர்த்தம் இல்லை, சாக நேரம் அதிகம் ஆகும். அதே அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்புத் துறை கோழிக்கறிக்கு நேரக் கணக்கும் கொடுத்திருக்கிறது. கறியின் நடுப்பகுதி 60 டிகிரியில் சுமார் 35 நிமிடம் நின்றால் போதும். 63 என்றால் 13 நிமிடம் மாதிரி. 65, 66 என்றால் ஐந்து நிமிடம். பலன் ஒன்றுதான்.

இதில் எல்லாரும் தடுக்கி விழுகிற வார்த்தை "நடுப்பகுதி". தண்ணி 60-இல் இருக்கிறது என்பதால் கறி 60-இல் இருக்கிறது என்று ஆகாது. மணி, துண்டு எவ்வளவு தடிமன்? கண்ணால் சொல்லாதீர்கள், ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நடுவில் சூடு எவ்வளவு இருந்தது என்று அளந்தீர்களா?

நான் பன்னிரண்டு வருஷம் ஹோட்டல் சமையலறையில் விருந்துப் பிரிவில் இருந்தேன். ஒரே நேரத்தில் இருநூறு நெஞ்சுத் துண்டு இப்படித்தான் வைப்போம். அங்கே நான் கற்ற முதல் பாடம் தடிமன்தான்.

குடியாத்தம்_செல்வி

பிளாஸ்டிக் கவரை இட்லிக் குண்டானில் போட்டு ஆவியில் வைத்தால் உருகாதா? எங்க வீட்டில் ஒரு தடவை கொழுக்கட்டைக்கு அடியில் கவர் ஒட்டிக்கொண்டது. அதுவும் அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கத்தான் வந்தேன். அவருக்கு கிட்னி மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது, பல் இல்லை, மெத்தென்று இருந்தால்தான் சாப்பிடுவார்.

ராணிப்பேட்டை_கிச்சன்

செல்வி, இது ஆவி இல்லை. இட்லிக் குண்டானில் 100 டிகிரி, இங்கே தண்ணி கொதிப்பதே இல்லை. 60, 65-இல் உணவுக்கென்று விற்கிற தடிமனான ஜிப் கவர் தாங்கும். மளிகைக்கடை மெல்லிய கேரி பேக் வேண்டாம், அதன் ஒட்டு பிரிந்துவிடும்.

அப்பா விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்லுவேன். மாற்று கிட்னிக்கு மருந்து எடுப்பவருக்கு எதிர்ப்புச் சக்தியை வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பார்கள். நேரக் கணக்கில் நாம் பத்து நிமிடம் தப்பு செய்தால் நமக்கு வயிற்றுப்போக்கு, அவருக்கு ஆஸ்பத்திரி. அவருக்கு 74 தொட்ட கறிதான். மெத்தென்று வேண்டுமென்றால் கொத்துக்கறியாக்கி நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் இதையே சொல்லுவேன்.

காட்பாடி_மணி

அக்கா, அதே மாதிரி ஒரு துண்டு வாங்கி வந்து இப்போது அளந்தேன். நல்ல தடிமனான இடத்தில் 4.5 செ.மீ. அதையே அதே 60-இல் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து, ஊசித் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தேன். நடுவில் 55. பார்த்தபோது கை நடுங்கிவிட்டது, போன வாரம் நாங்கள் சாப்பிட இருந்தது இதைத்தான்.

ராணிப்பேட்டை_கிச்சன்

வழவழப்புக்குக் காரணம் அதுதான். சூடு வெளியிலிருந்து நடுவுக்கு ஊறித்தான் போகும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நாலு மடங்கு ஆகும். 2.5 செ.மீ. துண்டு முக்கால் மணியில் தண்ணியின் சூட்டை எட்டும். 4.5 செ.மீ. துண்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் ஆகும். அதுக்கு மேல்தான் அந்த 35 நிமிடம் கணக்கு ஆரம்பம். வீடியோவில் காட்டினவர் மெல்லிய துண்டு வைத்திருப்பார், நம்ம ஊர் பிராய்லர் நெஞ்சு ஒரு பக்கம் கை முட்டி மாதிரி உருண்டிருக்கும்.

அதனால் நான் நேரத்தைக் கூட்டச் சொல்ல மாட்டேன், கறியைச் சமப்படுத்தச் சொல்லுவேன். தடித்த பக்கத்தில் கத்தியைப் படுக்கையாக வைத்து இரண்டாகச் சீவினால் 2.5 செ.மீ.க்குள் வந்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்தது என்றால் 60 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். அதில் பத்து நிமிடம் தாராளம் இருக்கிறது, அந்தத் தாராளத்தை வெட்டாதீர்கள். சீவ மனசு இல்லை, முழுசாகத்தான் வேண்டும் என்றால் மூன்று மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. ஃப்ரீஸரிலிருந்து கல்லாக எடுத்தால் இன்னும் பாதி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கவர் மிதந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. தண்ணிக்கு மேலே நிற்கிற பக்கம் வேகாது. காற்றை வெளியேற்ற, கவரை வாய் திறந்தபடி மெல்லத் தண்ணியில் இறக்குங்கள். தண்ணியே காற்றைத் தள்ளிவிடும், வாய் நனையுமுன் மூடுங்கள். பிறகும் மிதந்தால் கவருக்குள் ஒரு எவர்சில்வர் கரண்டியைப் போடுங்கள். ஒரு கவரில் ஒரு துண்டு. இரண்டு துண்டு ஒட்டிக்கொண்டால் அது ஒரே தடித்த துண்டுதான்.

ஆம்பூர்_தஸ்தகீர்

நடுப்பகுதி விஷயம் புரிந்தது. ஆனால் வெளியே மாவு மாதிரி ஆனதுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு மெஷின் தெரியாது, பிரியாணி தெரியும். அப்பா காலத்திலிருந்து அண்டா வைக்கிறோம். பச்சை இஞ்சியைக் கறியில் நிறையப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தால் கறி உருகும். முற்றின ஆட்டுக்கறிக்கு வேண்டுமென்றே செய்வோம், பப்பாளிக்காய் போடுவது மாதிரி. கோழிக்கு இஞ்சியை அளவாகத்தான் போடுவோம், அதுவும் எண்ணெயில் வதக்கின பிறகு. தம்பி பச்சை இஞ்சியைத் தடவி, வெதுவெதுப்பிலேயே ஒரு மணி நேரம் வைத்திருக்கிறார். வேறு என்ன ஆகும்?

ராணிப்பேட்டை_கிச்சன்

பாய், நூற்றுக்கு நூறு. இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இஞ்சியில் புரதத்தை அறுக்கும் என்சைம் இருக்கிறது. அது மும்முரமாக வேலை செய்வதே 60 டிகிரி பக்கத்தில்தான். சட்டியில் வதக்கும்போது சூடு அந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடும், என்சைம் செத்துவிடும். சூ வீட்டில் அதுக்குப் பிடித்த சூட்டிலேயே மணிக்கணக்கில் உட்காரவைக்கிறோம். மேல்தோல் மாவாகும், உள்ளே போகாது. அதுதான் வெளிப்பக்கம் மட்டும் அப்படி.

பச்சைப் பூண்டும் கவருக்குள் வேண்டாம். 60-இல் பூண்டு வேகாது, பச்சை நாற்றம் அப்படியே கறியில் ஏறும். கவருக்குள் உப்பு, மிளகு, கொஞ்சம் மஞ்சள்தூள், வேண்டுமென்றால் கறிவேப்பிலை, அவ்வளவு போதும். விழுதை எண்ணெயில் வதக்கிக் கடைசியில் கல்லில் சேருங்கள்.

திருவலம்_ஜிம்பாய்

நான் வாரத்துக்கு ஒரு கிலோ இப்படித்தான் செய்கிறேன். 60-இல் இரண்டு மணி நேரம், அப்புறம் பைப் தண்ணியில் கவரை ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைப்பேன், அஞ்சு நாள் வரும். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. நாலு மாசமா டயட்டில் இருக்கிறேன், ஒரு நாளைக்கு நாலு முட்டை, இருநூறு கிராம் நெஞ்சுக்கறி. 57-இல் வைத்தால் இன்னும் சாறு இருக்குமாமே?

ராணிப்பேட்டை_கிச்சன்

தம்பி, ஆறவைப்பதை இன்றைக்கே மாற்றுங்கள். 60 டிகிரி சால்மோனெல்லாவைக் கொல்லும், ஆனால் சில கிருமிகள் விதை மாதிரி ஒரு கூடு கட்டிக்கொண்டு தப்பிவிடும், அதை இந்தச் சூடு ஒன்றும் செய்யாது. கறி மெல்ல ஆறினால் அவை முளைக்கும், காற்றில்லாத கவர் அவற்றுக்கு வசதி. மே மாசத்தில் வேலூர் மொட்டைமாடி டேங்க் தண்ணி கையை வைத்தால் சுடும். அதில் ஆறவைத்தால் கறி எத்தனை மணி நேரம் ஆனாலும் ஃபிரிட்ஜ் சூட்டுக்கு இறங்காது. பாதி ஐஸ், பாதி தண்ணி, ஒரு மணி நேரம். ஐஸ் கரைந்தால் மறுபடி போடுங்கள். அப்புறம் ஃபிரிட்ஜின் உள்பக்கம். நானாக இருந்தால் மூன்று நாளுக்கு மேல் வைக்க மாட்டேன்.

57-இலும் முடியும், ஆனால் நடுப்பகுதி 60-இல் நிற்பதைவிட ரொம்ப அதிக நேரம் அங்கேயே நிற்க வேண்டும். குச்சி ஒரு டிகிரி தப்பாகக் காட்டினாலும் கணக்கு கவிழும். அதோடு அந்தக் கறி பச்சையாக இருக்கிற மாதிரி வாயில் நழுவும், நம்ம வாய்க்குப் பிடிக்காது.

சத்துவாச்சாரி_ராஜு

நேரக் கணக்கு எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் குச்சியின் எண்ணை நம்புவது எப்படி? கொதிதண்ணியில் வைத்து 100 காட்டுகிறதா என்று பார்த்தால் போதுமா?

இன்னொன்று, கரண்ட். எங்க பக்கம் மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு ஷட்டவுன், அது போக சொல்லாமல் போவது தனி. பாதியில் நின்றால் என்ன செய்வது?

ராணிப்பேட்டை_கிச்சன்

சார், குச்சியைக் கொதிதண்ணியில் வைக்காதீர்கள், கெட்டுவிடும். ஊசித் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணியில் வைத்துப் பாருங்கள், நன்றாகக் கலக்கி 0 காட்ட வேண்டும். அது சரி என்றால் அதைக் கொண்டு குச்சியை 60-இல் சோதியுங்கள். அரை டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. இரண்டு டிகிரி குறைந்தால் அந்த அளவு கூட்டி வையுங்கள். போர் தண்ணி ஊற்றுபவர்கள் கம்பியில் வெள்ளையாக உப்பு படிகிறதா என்று மாசத்துக்கு ஒரு தரம் பாருங்கள், வினிகர் கலந்த தண்ணியில் ஓடவிட்டால் போகும்.

கரண்டுக்கு என் அளவீடு ஒன்று இருக்கிறது. போன மே மாசம் பன்னிரண்டு லிட்டர் பாத்திரம், 60 டிகிரி, மூடி போட்டு மேலே துண்டு சுற்றியிருந்தேன். கரண்ட் போய் 50 நிமிடத்தில் 56-க்கு இறங்கியது. மூடி இல்லாமல் என்றால் இன்னும் வேகமாக இறங்கும். 54, 55-க்கு மேலே இருக்கிறவரை கிருமி பெருகாது. கரண்ட் வந்ததும் மறுபடி 60 ஏறின நேரத்திலிருந்து முழுக் கணக்கையும் புதிதாக ஆரம்பியுங்கள், முன்னே போன நேரத்தைச் சேர்க்காதீர்கள். 52-க்குக் கீழே போய், கொஞ்ச நேரம்தான் அங்கே இருந்தது என்று தெரிந்தால், யோசிக்காமல் குழம்பில் போட்டுக் கொதிக்கவையுங்கள். நீங்கள் வெளியே போய்விட்டு வந்து தண்ணி ஆறிக் கிடந்தால், எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று தெரியாவிட்டால், கொதிக்கவைத்தும் பயனில்லை, தூக்கிப் போட்டுவிட வேண்டும். சில கிருமி விட்ட விஷம் கொதித்தாலும் போகாது.

ஆம்பூர்_தஸ்தகீர்

இன்னொரு சந்தேகம். தம்பி கண்ணெதிரே வெட்டினது என்றார். அப்போதே வைத்தாரா?

காட்பாடி_மணி

ஆமாம் பாய். எட்டு மணிக்கு வாங்கினேன், ஒன்பதரைக்குத் தண்ணியில் இறக்கிவிட்டேன். ஃப்ரெஷ்ஷா இருந்தால் நல்லதுதானே?

ஆம்பூர்_தஸ்தகீர்

குழம்புக்கு நல்லது. எலும்பில்லாத நெஞ்சுக்கு இல்லை. அறுத்த உடனே சதை விறைக்கும். அந்த விறைப்பு விடுவதுக்குள் எலும்பிலிருந்து பிரித்தால் நார் சுருண்டு அப்படியே நின்றுவிடும், எப்படிச் சமைத்தாலும் இழுவை. ஆர்டர் இருக்கும்போது நாங்கள் கோழியை முழுசாக வாங்கி, ஐஸில் நாலு மணி நேரமாவது வைத்து, அப்புறம்தான் நெஞ்சைப் பிரிப்போம்.

காட்பாடி_மணி

அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை திரும்பச் செய்தேன், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளி மாலை முழுக் கோழி வாங்கி, உரித்ததை ஃபிரிட்ஜில் ராத்திரி வைத்தேன். சனி காலை நெஞ்சைப் பிரித்தேன். தடித்த பக்கத்தைச் சீவினதும் 2.3 செ.மீ. ஒரு லிட்டர் தண்ணியில் 50 கிராம் உப்பு கரைத்து அதில் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜிலேயே ஊறவைத்தேன், இது நானாகச் சேர்த்தது. துடைத்து, மிளகு, மஞ்சள், கறிவேப்பிலை. கவருக்குள் கரண்டி. ராஜு சாரின் பயம் எனக்கும் இருந்ததால் 60 இல்லை, 63 வைத்தேன். ஒன்றரை மணி நேரம். குத்திப் பார்த்தேன், நடுவில் 62.5.

கவரோடு ஐஸ் தண்ணியில் எட்டு நிமிடம். அப்புறம் கறியைப் பழைய காட்டன் துணியில் வைத்து, ஒற்றினால் துணி நனையவில்லை என்று ஆகும் வரைக்கும் ஒற்றி எடுத்தேன். போன தடவை நிறம் வராததுக்கு ஈரம்தான் காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. ஈரம் வற்றும் வரைக்கும் கறியின் மேல்பக்கம் 100 டிகிரியைத் தாண்டவே இல்லை, கறி அங்கே வெந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இந்தத் தடவை இரும்புத் தோசைக்கல்லைப் புகை கிளம்பும் வரை காயவிட்டு, கடலை எண்ணெய் ஒரு ஸ்பூன், ஒரு பக்கம் 50 விநாடி, மறுபக்கம் 40. கரண்டியால் அழுத்திப் பிடித்தேன். தோசை முறுகலுக்கு வரும் அந்த நிறம் வந்தது. கறியை எடுத்துவிட்டு, அடுப்பைக் குறைத்து, அதே கல்லில் நெய், இஞ்சி பூண்டு விழுது, பொடித்த மிளகு. பச்சை வாசனை போனதும் கறி மேல் வழித்து ஊற்றினேன்.

வெட்டினால் ஓரத்தில் மெல்லிய பழுப்பு, மற்றபடி ஓரத்திலிருந்து ஓரம் ஒரே வெள்ளை, நடுவில் லேசான ரோஜா நிறம். பலகையில் சாறு ஓடவில்லை, வாயில்தான் வந்தது. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க் குழம்பும் சோறும் வைத்துச் சாப்பிட்டோம். மனைவி முதலில் அந்த ரோஜா நிறத்தைப் பார்த்துத் தயங்கினாள். நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, தெர்மாமீட்டரைப் பார் என்று காட்டினேன். மூன்று துண்டு சாப்பிட்டாள்.

ராணிப்பேட்டை_கிச்சன்

எட்டு நிமிடம் ஐஸில் வைத்ததுதான் கெட்டிக்காரத்தனம். சூடாக அப்படியே கல்லில் போட்டிருந்தால் ஓரமெல்லாம் 70 தாண்டியிருக்கும். சூடு ஏற ஏறக் கறி சாற்றை இன்னும் அதிகமாகப் பிழிந்து வெளியே விடும். கவரில் மிச்சமிருக்கும் தண்ணியைக் கொட்டாதீர்கள். கொதிக்கவைத்தால் வெள்ளையாகத் திரியும், வடிகட்டி ரசத்தில் சேருங்கள். உப்புத்தண்ணியில் ஊறவைத்ததால் உப்பு இருக்கும், ருசி பார்த்துச் சேருங்கள்.

சத்துவாச்சாரி_ராஜு

63 என்றால் எனக்கும் மனசு ஒப்புகிறது. வீட்டில் 65 வைத்துப் பார்க்கப் போகிறேன். கொஞ்சம் சாறு குறைந்தாலும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது எனக்கு நிம்மதி வேண்டும்.

ஆம்பூர்_தஸ்தகீர்

இந்தத் துண்டைப் பிரியாணியில் போடலாமா என்று என் மகன் கேட்கிறான். தம்மில் போட்டால் வீண். சீரக சம்பா தம் ஏறும்போது சட்டிக்குள் 90-க்கு மேலே இருக்கும், பாடுபட்டது எல்லாம் அரை மணியில் போய்விடும். தம் உடைத்த பிறகு மேலே அடுக்கினால் சரி. ஆனால் கறியின் ருசி அரிசியில் இறங்காத பிரியாணியை நான் பிரியாணி என்று சொல்ல மாட்டேன்.

திருவலம்_ஜிம்பாய்

ஐஸ் வாங்க ஆரம்பித்துவிட்டேன் அக்கா. தயிரில் ஊறவைத்து வைக்கலாமா? தந்தூரி மாதிரி செய்ய ஆசை.

ராணிப்பேட்டை_கிச்சன்

நான் வைத்த வரைக்கும் தயிரின் புளிப்பில் மேல்பகுதி சுண்ணாம்பு மாதிரி வறண்டது, அதனால் விட்டுவிட்டேன்.

ஆம்பூர்_தஸ்தகீர்

புளித்த தயிராக இருந்திருக்கும் அம்மா. அன்றைக்கு உறைந்த தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, அரை மணி மட்டும் ஊறவைத்தால் அப்படி ஆகாது என்பது என் கணக்கு. ஆனால் அண்டாவில்தான் பார்த்திருக்கிறேன், இந்தத் தண்ணியில் பார்த்ததில்லை.

காட்பாடி_மணி

வர ஞாயிறு இரண்டு கவர் வைக்கிறேன். ஒன்றில் பாய் சொன்ன தயிர், ஒன்றில் வெறும் உப்பு. இரண்டும் 63, ஒன்றரை மணி நேரம். வெட்டின படத்தோடு வருகிறேன்.